முழமும் மீட்டரும்: திருப்பூர் வட்டாரத்தில் வேட்டி, தோத்தி, சேலை அளவுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூர் பின்னலாடை நகரமாக அறியப்படுகிறது. எனினும் அதனைச் சூழ்ந்துள்ள கொங்கு வட்டாரம் வேட்டியும் சேலையும் நெய்யும் தறிகளைக் கொண்டது. இவ்வட்டாரத்து வணிகத்தில் வேட்டியின் நீளம் இன்றும் முழத்தால் பெயரிடப்பட்டு, மீட்டரால் அச்சிடப்பட்டு விற்கப்படுகிறது. தைக்கப்படாத ஆடையின் நீளத்தைக் கட்டும் முறை தீர்மானிக்கிறது; அகலத்தைத் தறியும் உடுத்துபவரின் உயரமும் தீர்மானிக்கின்றன. அளவுகளில் ஏற்பட்ட மாற்றங்களும் பூசல்களும் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து தோன்றியவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முழம், வேட்டி, பஞ்சகச்சம், சேலை, கதர், தறி அகலம், திருப்பூர்

முன்னுரை

திருப்பூரில் இரண்டு வகைத் துணிகள் இரண்டு வகை அளவைகளால் புழங்குகின்றன. பின்னல் துணி எடையால் வாங்கப்படுகிறது. வட்டப் பின்னல் எந்திரத்தின் விட்டம் அங்குலத்தில் சொல்லப்படுகிறது. தொழிலாளர் வழக்கில் அது 'டயா'. அத்துணியிலிருந்து தைக்கப்படும் பனியனில் 80, 85, 90 என மார்புச் சுற்றளவு சென்டிமீட்டரில் குறிக்கப்படுகிறது. அந்தப் பனியனுக்குக் கீழே உடுத்தப்படும் வேட்டியில் இடுப்புச் சுற்றளவு குறிக்கப்படுவதில்லை. அது 'நாலு முழம்' அல்லது 'எட்டு முழம்' மட்டுமே.

இந்த வேறுபாடு தற்செயலானதன்று. தைத்த ஆடை உடலின் அளவைத் தன்னுள் கொண்டிருக்கிறது. தைக்காத ஆடையோ அந்தப் பொறுப்பை உடுத்துபவரின் கையிடம் விட்டுவிடுகிறது. ஒரே எட்டு முழ வேட்டியைத் தந்தையும் மகனும் உடுத்தமுடியும். ஆனால் எந்த அளவுக்கு மேல் அது முடியாது, ஏன் முடியாது என்பதில்தான் 'நிலையான அளவு' என்பதன் வரலாறு தொடங்குகிறது.

முழமும் கெஜமும்

முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளமே முழம். அது இரண்டு சாண் கொண்டது. ஆளுக்கு ஆள் மாறும் இந்த அளவை, ஆங்கிலேயர் ஆட்சிக்கால வணிகத்தில் 18 அங்குலமாக நிலைபெற்றது. இரண்டு முழம் ஒரு கெஜம் என்ற சமன்பாடு கடைகளில் வேரூன்றியது. இந்தச் சமன்பாடு எளிமையானதால் முழக்கணக்கு அழியாமல் நின்றது. 18 முழச் சேலையை 9 கெஜம் என்றும், 12 முழச் சேலையை 6 கெஜம் என்றும் வாய்ப்பாடு இன்றியே மாற்றிக்கொள்ள முடிந்தது.

சேலை கெஜப் பெயரை எளிதாக ஏற்றது. 'ஒன்பது கெஜம்' என்பது இன்று 'பதினெட்டு முழம்' என்பதைவிடப் பரவலான வழக்கு. வேட்டி அவ்வாறு ஏற்கவில்லை. நாலு கெஜ வேட்டி என்று கேட்பவர் அரிது. ஆடவர் உடையில் முழம் அளவையாக இருந்து மெல்ல ஒரு வகைப்பெயராக மாறிவிட்டதே இதற்குக் காரணம் எனலாம். 'எட்டு முழம்' என்று கேட்பவர் ஒரு நீளத்தைக் கேட்கவில்லை. கட்டும் முறை ஒன்றைக் கேட்கிறார்.

நாலு முழமும் எட்டு முழமும்

நாலு முழ வேட்டி 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். எட்டு முழ வேட்டி 3.66 மீட்டர். எட்டு முழம் நாலு முழத்தைவிட இருமடங்கு நீளமானது என்பதால், அது உடலை இருமடங்கு சுற்றும் எனக் கருதுவது பொருந்தாது. எட்டு முழ வேட்டி நீளவாட்டில் பாதியாக மடிக்கப்பட்டு, இரட்டை அடுக்காகவே கட்டப்படுகிறது. மடித்தபின் அதன் நீளமும் நாலு முழமே. ஆகவே கூடுதல் நீளம் சுற்றுக்குப் பயன்படுவதில்லை. துணியின் தடிமனுக்குப் பயன்படுகிறது. ஒற்றை வேட்டி வீட்டிலும் வேலையிடத்திலும் புழங்க, இரட்டை வேட்டி திருமணத்துக்கும் கோயிலுக்கும் பொது நிகழ்ச்சிக்கும் உரியதானது இதனால்தான். மெல்லிய நூலில் நெய்த வெள்ளைத் துணி ஒற்றை அடுக்கில் உள்ளுடலைக் காட்டும். இரட்டை அடுக்கில் காட்டாது.

இரண்டு வகைக்கும் அடிப்படை ஒன்றே என்பதால், நாலு முழம் என்ற நீளம் எப்படிப் போதுமானதாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இடுப்புச் சுற்றளவு 85 சென்டிமீட்டர் உள்ள ஒருவர் 1.80 மீட்டர் துணியைச் சுற்றினால் இரண்டு முழுச் சுற்றுகள் முடிந்து 10 சென்டிமீட்டர் மிஞ்சும். நடக்கும்போது முன்பக்கம் திறந்தாலும் உள்சுற்று மறைத்துக்கொள்ளும். இடுப்பு 105 சென்டிமீட்டர் உள்ளவருக்கு இரண்டாம் சுற்றுக்கு 75 சென்டிமீட்டரே கிடைக்கும். அது முழுச் சுற்றை நிறைவு செய்யாது. இடுப்பைவிடத் தொடைப்பகுதியின் சுற்றளவு பெரிது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அவர் நீண்ட எட்டு எடுத்து வைக்கும்போது முன்விளிம்பு விலகும். இத்தகையோருக்காகவே 2.00 மீட்டர் ஒற்றை வேட்டியும் 4.00 மீட்டர் இரட்டை வேட்டியும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுக்கு முழக்கணக்கில் தனிப்பெயர் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அவையும் நாலு முழம், எட்டு முழம் என்ற வகைகளுக்குள் 'பெரியது' என்ற அடைமொழியுடன் வைக்கப்படுகின்றன.

பஞ்சகச்சமும் தோத்தியும்

நீளத்தைக் கட்டும் முறை ஆள்கிறது என்பதற்குப் பஞ்சகச்சமே தெளிவான சான்று. இதில் துணி மடிக்கப்படுவதில்லை. ஒற்றை அடுக்காக இடுப்பின் நடுவில் இருத்தி, ஒரு பாதியைக் கொசுவி, கால்களுக்கு இடையே கொடுத்து, பின்புறம் செருகவேண்டும். மறுபாதியும் கொசுவி முன்புறம் செருகப்படும். ஒவ்வொரு காலும் தனித்தனியே மூடப்படுவதால் நீளம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கடைகளில் இது 'ஒன்பது ஐந்து' என்றும் 'பத்து ஆறு' என்றும் கேட்கப்படுகிறது. முதல் எண் வேட்டியின் முழம். இரண்டாம் எண் உடன் வரும் அங்கவஸ்திரத்தின் முழம். அதாவது ஒன்பது ஐந்து என்பது 4.11 மீட்டர் வேட்டியும் 2.29 மீட்டர் மேல்துண்டும் கொண்ட இணை. பத்து ஆறு என்பது 4.57 மீட்டரும் 2.74 மீட்டரும் கொண்டது. மெலிந்த உடலினர் எட்டு முழத்திலேயே பஞ்சகச்சம் கட்டிவிடுவதும் உண்டு. ஆனால் அப்போது பின்கொசுவம் சிறுத்து, அமரும்போது நழுவும்.

இங்குத் தோத்தி என்ற சொல்லைப் பிரித்தறிவது பயனுடையது. வட இந்திய வழக்கில் தோத்தி எனப்படுவது கச்சம் வைத்துக் கட்டும் ஆடையே. அதன் நீளம் பொதுவாக ஐந்து கெஜம், அதாவது பத்து முழம். ஆகவே அளவில் அது நமது பத்து ஆறு இணையின் வேட்டிக்கு நெருக்கமானது. நாலு முழத்துக்கு அன்று. ஆங்கில ஆவணங்களும் சட்டங்களும் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தன. திருப்பூர் நிறுவனங்களின் ஆங்கிலப் பட்டியல்களிலும் நாலு முழ வேட்டி 'ஒற்றைத் தோத்தி' என்ற பொருளிலேயே எழுதப்படுகிறது. சொல் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்கும் என நம்பி ஆவணங்களைப் படிக்கும் ஆய்வாளர் எளிதில் வழுக்குவர்.

இத்தகைய வழுக்கல் ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் பகுதி ஆலைகள் இந்தியச் சந்தைக்கெனவே தோத்திகளை நெய்து அனுப்பின. 1866இல் ஜான் போர்ப்ஸ் வாட்சன் 700 துணி மாதிரிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்து, 20 படிகளை உருவாக்கினார். அவற்றுள் 13 படிகள் பிரித்தானியாவிலும் 7 படிகள் இந்தியாவிலும் வைக்கப்பட்டன. ஒவ்வொரு மாதிரியோடும் நீளம், அகலம், எடை, விலை முதலிய விவரங்களை அவர் சேர்த்ததன் நோக்கம் கலை ஆர்வம் அன்று. தைக்காமல் தறியிலிருந்து நேரே உடலுக்குச் செல்லும் ஆடையில் நீளம், அகலம், கரை ஆகியவற்றுள் ஒன்று பிசகினாலும் துணி விலைபோகாது என்பதை பிரித்தானிய உற்பத்தியாளருக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். வெட்டித் தைக்கும் துணியை எந்த அகலத்திலும் விற்கலாம், வேட்டியை விற்கமுடியாது. உள்ளூர் நெசவாளரின் காப்பரண் இந்த நுணுக்கத்தில் இருந்தது என்பதை, அதனைக் கடக்க முயன்றவரின் தொகுப்பே காட்டுகிறது.

அகலம்: கையின் எட்டமும் கதரின் இடரும்

நீளத்தைக் கூட்டுவது நெசவாளருக்கு எளிது. பாவு நீண்டதாக இருக்கும். வேண்டிய இடத்தில் சில அங்குலம் ஊடையின்றி விட்டு வெட்டினால் வேட்டி முடிந்துவிடும். அகலம் அப்படியன்று. அது அச்சில் கோத்த இழைகளின் எண்ணிக்கையால் முன்கூட்டியே முடிவாகிறது. பாவு தீரும்வரை அதனை மாற்ற இயலாது. குழித்தறியில் நாடாவைக் கையால் ஒருபுறமிருந்து எறிந்து மறுபுறம் பிடிக்கும் முறையில், நெசவாளரின் இரு கைகளின் எட்டமே அகலத்தின் எல்லை. அதற்கு மேல் வேண்டுமாயின் இருவர் அமரவேண்டும். பவானியில் அகலமான ஜமக்காளங்கள் அவ்வாறு நெய்யப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுக்கூடம் நடத்திப் பரப்ப முயன்ற பறக்கும் நாடா, கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் முறை என்பதால், இந்த எல்லையைத் தளர்த்தியது.

அகலம் ஏன் முக்கியம் என்பதையும் உடலைக்கொண்டே அளக்கவேண்டும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இடுப்பிலிருந்து தரை வரை ஏறத்தாழ 102 சென்டிமீட்டர் இருக்கும். 45 அங்குல அகலம் என்பது 114 சென்டிமீட்டர். மேலே சுருட்டிச் செருக 12 சென்டிமீட்டரே மிஞ்சும். 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் எனில் 25 சென்டிமீட்டர் கிடைக்கும். ஆறடி உயரத்தவருக்கு இந்த இடைவெளியை அளிக்க 54 அங்குலம் தேவை. இன்று கடைகளில் காணப்படும் 45, 50, 54 அங்குல அகலங்கள் இந்த மூன்று நிலைகளை ஒட்டியவை. வேலைக்குக் கட்டும் வேட்டி தரையைத் தொடவேண்டிய தேவை இல்லை என்பதால் குறைந்த அகலம் அங்கே குறையாகக் கருதப்படவில்லை. கணுக்காலை மறைக்கும் வேட்டி மரியாதைக்குரியது என்ற எண்ணம் பரவியபோதே 50 அங்குலம் தேவையானது.

இந்த அகலச் சிக்கல் வெளிப்படையாகப் பதிவான இடம் காந்தியடிகளின் தன்வரலாறு. சபர்மதி ஆசிரமத்திலும் விஜாப்பூரிலும் அப்போது நெய்யப்பட்ட கதர் 30 அங்குல அகலமே கொண்டிருந்தது. 45 அங்குல அகலத்தில் ஒரு மாதத்துக்குள் கதர் வேட்டி கிடைக்காவிட்டால் குட்டையான முரட்டுக் கதரையே உடுத்தப்போவதாக அவர் கங்காபென்னுக்குத் தெரிவித்தார். கங்காபென் அந்தக் காலக்கெடுவுக்குள்ளேயே இரண்டு வேட்டிகளை அனுப்பிவைத்தார். 30 அங்குலம் என்பது 76 சென்டிமீட்டர். செருகுவதற்கு விட்டதுபோக முழங்காலைச் சற்றே தாண்டும். கையால் நூற்ற நூல் வலுக்குறைந்தது. அகலம் கூடக்கூட இழைகளின் எண்ணிக்கையும் அறுபடும் இழைகளும் கூடும். அறுந்த ஒவ்வோர் இழைக்கும் தறி நிற்கும். எனவே குறுகிய கதர் நெசவாளரின் சோம்பலால் வந்ததன்று. நூலின் தரம் விதித்த எல்லை அது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் முழந்துண்டை ஏற்றதை அரசியல் வரலாறு விரிவாகப் பேசுகிறது. அதற்கு முன்பே குட்டைத் துணி கதர் உற்பத்தியின் நடைமுறை உண்மையாக இருந்தது என்பதையும் அதனுடன் சேர்த்துப் படிக்கவேண்டும்.

திருப்பூருக்கு இது நேரடித் தொடர்புடையது. 1925இல் அகில இந்தியச் சர்க்கா சங்கம் தொடங்கப்பட்டபின் அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே மையமானது. சுற்றியுள்ள கிராமங்களில் நூற்ற நூல் இங்கு வந்து, நெசவாளருக்குப் பகிரப்பட்டுத் துணியாகத் திரும்பியது. பின்னல் எந்திரம் இந்நகருக்கு வந்ததும் அதே ஆண்டை ஒட்டியே எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. அகலத்துக்காகப் போராடிய துணியும், அகலம் என்பதே ஒரு பொருட்டாக இல்லாமல் குழாயாக வெளிவரும் துணியும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் தொடங்கியமை வரலாற்றின் விந்தை.

பதினெட்டு முழத்திலிருந்து பன்னிரண்டு முழம்

சேலையின் அகலம் 45 முதல் 48 அங்குலம் வரை அமைகிறது. இதில் பெரிய மாற்றம் நேரவில்லை. மாறியது நீளம். கொங்கு வட்டாரத்தில் முதிய பெண்கள் பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலைகளும், அந்தணர் இல்லங்களின் மடிசாரும் 16 அல்லது 18 முழ நீளத்தை வேண்டியவை. மடிசாரில் கச்சம் உண்டு. ஒவ்வொரு காலும் தனியே சுற்றப்பட்டபின் மார்பை மறைக்கும் சுற்றும் தேவை. ரவிக்கை பரவலாகாத காலத்தில் மேலுடலை மறைக்கும் பொறுப்பும் சேலையுடையதே.

முன்கொசுவம் வைத்துக் கட்டும் முறையில் கணக்கு வேறு. முதல் சுற்றுக்கு ஒரு மீட்டர், கொசுவத்துக்கு ஒன்றரை மீட்டர், மீண்டும் பின்புறம் சுற்றிவர ஒரு மீட்டர், மார்பைக் குறுக்காகக் கடந்து தோளை அடைய ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, தோளிலிருந்து தொங்கும் முந்தானைக்கு ஒரு மீட்டர் என வைத்தால் ஐந்தரை மீட்டருக்குள் அடங்குகிறது. பன்னிரண்டு முழம் 5.49 மீட்டர் என்பதால் அந்த நீளம் பொருத்தமாகவே அமைந்தது. ரவிக்கையும் உள்பாவாடையும் உடலை மறைக்கும் வேலையில் பங்கேற்றதால் ஆறு முழம் மிச்சமானது என்றும் சொல்லலாம். உடல் பருத்தவருக்கு இந்த நீளத்தில் முதலில் குறைவது கொசுவமே. ஏழு மடிப்பு வரவேண்டிய இடத்தில் நான்கு வரும்போது சேலை நடையை இறுக்கும். முந்தானையைக் குறைக்க எவரும் விரும்புவதில்லை, ஏனெனில் வேலைப்பாடு அங்கேதான் இருக்கிறது.

இம்மாற்றத்துக்கு நாகரிகத்தை மட்டும் காரணம் காட்டுவது முழுமையாகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் துணித் தட்டுப்பாடு கடுமையாகி, 1943இல் பருத்தித் துணி மற்றும் நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஒன்பது கெஜத்தின் மூன்றில் ஒரு பங்கைச் சேமிக்கும் கட்டுமுறை அக்காலத்தில் வசதியாகவும் இருந்திருக்கும் என ஊகிக்க இடமுண்டு. பிற்காலத்தில் சேலையுடன் ரவிக்கைத் துணியும் சேர்த்தே நெய்யப்பட்டபோது, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் கூடி மொத்த நீளம் 6.20 அல்லது 6.30 மீட்டரானது. நெகமம் போன்ற அண்மை ஊர்களின் பருத்திச் சேலைகளை வாங்குபவர் 'ரவிக்கையோடா, இல்லாமலா' என்று முதலில் கேட்பது இதனால்தான். ரவிக்கைத் துணியைச் சேர்த்து 5.50 மீட்டர் வரும் சேலையில் உடுத்த எஞ்சுவது 4.70 மீட்டரே.

சட்டத்தின் கண்ணில் வேட்டி

1952இல் சென்னை மாநில முதலமைச்சரான இராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என வலியுறுத்தினார். மைய அரசு முழு ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. ஆலைகள் தம் முந்தைய வேட்டி உற்பத்தியில் 60 விழுக்காட்டுக்குள் நிற்கவேண்டும் என வரம்பிட்டது. வரம்பை மீறிய உற்பத்தி மீது கூடுதல் தீர்வை விதிக்க 1953இல் தோத்திகளுக்கான கூடுதல் கலால் தீர்வைச் சட்டம் வந்தது. உடனே எழுந்தது வரையறைச் சிக்கல். எது வேட்டி? கரையில்லாத வெள்ளைத் துணியை நாலு முழத்தில் வெட்டினாலும் இடுப்பில் கட்டலாம். நீளத்தையோ அகலத்தையோ மட்டும் கொண்டு வேட்டியை வரையறுக்கமுடியாது. கரையும் தலைப்பும்தான் ஒரு துண்டை வேட்டியாக்குகின்றன. 1985இன் கைத்தறி உற்பத்தி ஒதுக்கீட்டுச் சட்டமும் இந்தத் தடத்திலேயே சென்றது. தொடக்கத்தில் 22 வகைகளை ஒதுக்கிய அச்சட்டத்தை 1993இல் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. பின்னர்ப் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. வேட்டியும் சேலையும் அதில் நீடித்தன.

1956இன் எடை, அளவைத் தரச் சட்டம் மீட்டரைக் கொண்டுவந்தது. இங்கேதான் ஒரு சிறிய, ஆனால் பொருள்பொதிந்த வேறுபாடு நிகழ்ந்தது. எட்டு முழம் 3.66 மீட்டர், முழு எண்ணை நோக்கிச் சுருங்கியபோது சந்தையில் பெரும்பாலும் 3.60 ஆனது. 5.76 சென்டிமீட்டர் குறைவு. பன்னிரண்டு முழமோ 5.49இலிருந்து 5.50 ஆகி ஒரு சென்டிமீட்டர் கூடியது. நூறு வேட்டிக்கு 5.76 மீட்டர் மிச்சம் என்றால், நூற்றுக்கு ஒன்றரை வேட்டிக்கு மேல் உற்பத்தியாளருக்குக் கிடைக்கிறது. இதனை ஏமாற்று என்பது மிகை. அட்டையில் 3.60 மீட்டர் என்றே அச்சிடப்படுகிறது; 2009இன் சட்டமுறை அளவையியல் சட்டமும் 2011இன் விதிகளும் பொதியப்பட்ட பொருளில் அளவை அறிவிக்கக் கோருகின்றன. ஆனால் வாங்குபவர் கேட்பது எட்டு முழம். அச்சில் இருப்பது 3.60. ஒரு பெயர் தன் நீளத்தைவிட்டு நகர்ந்துகொண்டிருப்பதை அட்டையே காட்டுகிறது.

தறியிலிருந்து துவைப்பு வரை

அட்டையில் அச்சிட்ட எண் எந்த நிலையில் உள்ள துணிக்கு உரியது என்பதே நடைமுறையில் அதிகம் மாறுபடுவது. 3.60 மீட்டர் நீளமும் 127 சென்டிமீட்டர் அகலமும் வேண்டிய ஒரு வேட்டியை எடுத்துக்கொள்வோம். ஊடை இழை குறுக்கே வளைந்து செல்வதால், தறியிலிருந்து இறக்கியதும் துணி அகலத்தில் சுருங்கும். அச்சுருக்கம் 6 விழுக்காடு எனில், அச்சில் 135 சென்டிமீட்டருக்குப் பாவு பரந்திருக்கவேண்டும். ஏறத்தாழ 53 அங்குலம். 50 அங்குல வேட்டிக்கு 50 அங்குல அச்சைக் கட்டியவர் 47 அங்குலத் துணியையே பெறுவார். நீளத்திலும் பாவு இழை வளைவதால் 5 விழுக்காடு உள்வாங்கும் எனக் கொண்டால், ஒரு வேட்டிக்கு 3.79 மீட்டர் பாவு செலவாகும்.

அடுத்து வெளுப்பு. கயிறுபோல் இழுத்துச் செல்லப்படும் துணி நீளத்தில் நீண்டு, அகலத்தில் ஒடுங்கும். கஞ்சியிட்டு அழுத்தி மடிக்கும்போது அந்த நீட்சி அப்படியே உறைந்துவிடுகிறது. கடையில் அளந்தால் 3.60 சரியாக இருக்கும். வீட்டில் முதல் துவைப்பில் இழைகள் தம் இயல்புக்குத் திரும்பும். 4 விழுக்காடு சுருங்கினால் 3.46 மீட்டர், மடித்தால் 1.73. முன்னர்க் கண்ட 85 சென்டிமீட்டர் இடுப்பினருக்கு மிஞ்சிய 10 சென்டிமீட்டர் இப்போது 3 சென்டிமீட்டராகிறது. அவரால் இன்னும் கட்டமுடியும். 90 சென்டிமீட்டர் இடுப்பினருக்கு இரண்டாம் சுற்று நிறைவுறாது. 'எட்டு முழம் இப்போதெல்லாம் பற்றுவதில்லை' என்ற முதியோரின் குறையில் வயதின் பங்கும் இருக்கலாம். ஆனால் முழம் மீட்டரானபோது போன 5.76 சென்டிமீட்டரையும் துவைப்பில் போன 14 சென்டிமீட்டரையும் கூட்டினால், 3.66இலிருந்து இருபது சென்டிமீட்டர் குறைந்திருப்பது கணக்கிலேயே தெரிகிறது.

இதனைச் சோதிப்பது கடினமன்று. துணியை நீரில் நன்கு ஊறவிட்டு, முறுக்காமல் எடுத்து, தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பி உலர்த்தி, இழுக்காமல் அளக்கவேண்டும். அகலத்தை நுனியில் அளக்காமல் நடுவில் மூன்று இடங்களில் அளப்பது நல்லது. கரை இழை உடலை இழையைவிடத் தடித்தோ இறுக்கமாகவோ இருந்தால், கரை வேறு அளவில் சுருங்கி நெளியும். அப்போது ஓரத்தில் அளந்த நீளமும் நடுவில் அளந்த நீளமும் ஒத்துவராது.

இன்றைய நாடாவில்லாத அகலத் தறிகள் இன்னொரு சிக்கலைச் சேர்த்துள்ளன. ஓர் அகலத்தில் இரண்டு வேட்டிகளைப் பக்கம் பக்கமாக நெய்து நடுவில் பிரிக்கமுடியும். பழைய தறியில் ஊடை இழை ஓரத்தில் திரும்பி வந்து கரையைத் தானே கட்டியது. புதிய தறியில் ஊடை ஒவ்வொரு முறையும் வெட்டப்படுவதால், ஓரத்தைத் தனி இழைகள் முறுக்கிப் பிடிக்கின்றன. கரையின் விளிம்பை விரலால் நீவினால் சிறு நுனிகள் தட்டுப்படுவது இதற்கு அடையாளம். பிடிப்பு தளர்ந்தால் விளிம்பு பிரிந்து, அகலமும் சில துவைப்புகளில் இழை இழையாகக் குறையும். கையின் எட்டம் விதித்த அகல எல்லை மறைந்த இடத்தில், விளிம்பு புதிய எல்லையாகியிருக்கிறது.

இடுப்பளவு பெற்ற வேட்டி

1983 இரு வகையில் குறிப்பிடத்தக்க ஆண்டு. பொங்கலையொட்டி ஏழையருக்கு வேட்டி சேலை வழங்கும் அரசுத் திட்டம் அவ்வாண்டு தொடங்கியது. இலட்சக்கணக்கான துண்டுகள் ஒரே அளவில் நெய்யப்படவேண்டிய தேவை அதனால் எழுந்தது. அதே ஆண்டில் திருப்பூரில் ராம்ராஜ் காட்டன் நிறுவனம் தொடங்கி, வேட்டியைப் பெயரிட்ட, பொதியப்பட்ட பண்டமாக விற்கத் தலைப்பட்டது. தறிக்காரரிடமோ உள்ளூர்க் கடையிலோ கையால் முழம் போட்டுப் பார்த்து வாங்கிய துணி, பிரிக்காமலே அட்டையை நம்பி வாங்கும் பொருளானது.

அண்மைக்காலத்தில் ஒட்டும் பட்டையும் பையும் வைத்துத் தைத்த வேட்டிகள் திருப்பூர்ச் சந்தையில் இடம்பெற்றுள்ளன. கட்டத் தெரியாத இளைஞரை நோக்கியவை இவை. சிறுவர்க்கான வேட்டி வயதைக்கொண்டு அளவிடப்படுகிறது. பெரியவர்க்கானதில் பட்டை ஒட்டும் இடம் இடுப்பின் வரம்பைக் குறித்துவிடுகிறது. தைக்காத துணிக்கு இதுவரை தேவைப்படாத எண் அதன் அட்டைக்கு வந்துசேர்ந்துள்ளது. அந்த அட்டையிலும் இடுப்பளவுக்கு மேலே, பெரிய எழுத்தில், '4 முழம்' என்றே அச்சிடப்படுகிறது.